கலோரிக் கணக்கை எப்போது மூடலாம்?

கலோரி எண்ணும் ஆப்பில் தொடங்குவதற்கு வழி இருக்கும். "இவ்வளவு போதும், இனி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் இடம் எதுவும் இருக்காது. அதனால் நிறுத்தும் முடிவு பெரும்பாலும் இரண்டு வழியில் ஒன்றாக அமைகிறது. ஒன்று, அலுத்துப்போய் ஒரு வாரம் விட்டு, அப்படியே மறந்துபோவது. இன்னொன்று, எடை குறைந்து வருடம் கடந்த பிறகும், நிறுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கவளத்தையும் தராசில் வைப்பது. இரண்டிலுமே ஒரு கேள்வி கேட்கப்படாமல் போகிறது: எண்ணியதால் எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ, அதைக் கற்றுக்கொண்டாயிற்றா?

கலோரி எண்ணுவது அளவு பழகுவதற்கான பயிற்சி என்பதுதான் என் கருத்து. தராசு செய்த வேலையைக் கண் செய்ய ஆரம்பித்ததும் பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். கண் அந்த வேலையைச் செய்கிறதா என்பதைச் சோதித்தே தெரிந்துகொள்ள முடியும். அந்தச் சோதனையையும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் ஒரு உதாரணத்தை வைத்தே பார்க்கலாம்.

ஒரு பெண், வயது 42, உட்கார்ந்து செய்யும் வேலை. தொடங்கும்போது 74 கிலோ. நாளுக்கு 1,600 கலோரி என்று வைத்துக்கொண்டு ஐந்து மாதம், அதாவது சுமார் 150 நாள், ஒழுங்காக எழுதி 68 கிலோவுக்கு வந்திருக்கிறார். இதற்கு மேல் குறைக்க அவருக்கு விருப்பமில்லை. இந்த எடையிலேயே நின்றால் போதும்.

முதலில் அவர் எழுதிவைத்த கணக்கிலிருந்தே ஒரு எண்ணை எடுக்க வேண்டும். உடல் கொழுப்பில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. 6 கிலோவுக்கு 46,200. அதை 150 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 308 வருகிறது. அப்படியென்றால் இந்த ஐந்து மாதத்தில் அவர் உடல் சராசரியாகச் செலவழித்தது 1,600உடன் 308, அதாவது 1,900 சொச்சம். ஆனால் அது சராசரியாக 71 கிலோ இருந்த உடலின் செலவு. இப்போது 68 கிலோ. ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது. மூன்று கிலோவுக்கு 75 என்று கழித்தால் 1,830 நிற்கிறது. எடை அப்படியே நிற்க அவருக்குத் தேவையான அளவு ஏறக்குறைய இதுதான்.

ஆப்பில் உயரம், வயது எல்லாம் கொடுத்தாலும் ஒரு எண் வரும். அதைவிட இது ஏன் மேல் என்றால், இது அவருடைய பிழைகளையும் சேர்த்துக்கொண்ட எண். மனிதர்கள் சாப்பிட்டதைக் குறைத்து எழுதுவது மிக இயல்பு. 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்குவதில்லை என்று சொன்னவர்களைச் சோதித்தபோது, அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் கணக்கில் வராமல் போயிருந்தது. பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணும் கறாரானதல்ல. அமெரிக்க விதிகளில் லேபிளில் உள்ளதைவிட 20 சதவீதம் வரை கலோரி கூடுதலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். முழு பாதாமில் அட்டவணை சொல்வதைவிடக் குறைவான கலோரிதான் உடலுக்குக் கிடைக்கிறது என்று 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. நன்றாக மென்றாலும் அதன் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

ஆக, நம் கணக்கில் வரும் 1,830 என்பது உண்மையில் 1,830ஆக இருக்க வேண்டியதில்லை. உண்மையில் அது 2,000ஆகக்கூட இருக்கலாம். தினமும் ஒரே மாதிரி பிழைதான் நடக்கிறது என்றால் அதனால் பாதகமில்லை. அவர் எழுதும் விதத்தில் 1,600 எழுதினால் குறைகிறது, 1,830 எழுதினால் நிற்கும், அவ்வளவுதான். கலோரிக் கணக்கின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. அதன் துல்லியம் ஒரு தோற்றம். ஒரே மாதிரி தவறு செய்கிறவரைதான் அது உதவும். அடுத்து வரும் சோதனை இதைத்தான் பார்க்கிறது.

சோதனையின் விதி எளிது. தராசில் வைப்பதற்கு முன்னால் அளவை ஊகித்து எழுத வேண்டும். அப்புறம்தான் நிறுக்க வேண்டும். ஆப்பைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுவது நல்லது. எண்ணைப் பார்த்த பிறகு, "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனம் மாற்றிச் சொல்லும். இதைத் தொடர்ந்து ஒரு வாரம் செய்ய வேண்டும்.

நம் உதாரணப் பெண்ணின் முதல் நாளைப் பார்ப்போம். சோறு 180 கிராம் என்று ஊகித்தார், தராசு 200 காட்டியது. வெந்த பருப்பு 150 என்றார், 135 இருந்தது. காய் 120 என்றார், 170 இருந்தது. காயைப் பார்த்ததும், 50 கிராம் தவறிவிட்டதே என்று அவருக்கு வருத்தம். ஆனால் அந்த 50 கிராம் காயில் இருப்பது 15 கலோரி போல. சோற்றில் தவறிய 20 கிராம் 26 கலோரி. பருப்பில் அவர் ஊகித்ததைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டிருக்கிறார், அதில் 17 போல கழிந்துவிடும். இந்த மூன்றையும் கூட்டினால் பிழை 24 கலோரிதான். இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய்தான் சிக்கல். எண்ணெயை நிறுக்க எளிதான வழி ஒன்று உண்டு. பாட்டிலைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, வாணலியில் ஊற்றிவிட்டு, பாட்டிலைத் திரும்ப வைத்தால், ஊற்றிய அளவு மைனஸில் தெரியும். வாணலியில் கோடு போல ஊற்றியதை அவர் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம், என்று எழுதியிருந்தார். தராசு மைனஸ் 12 என்றது. 7 கிராம் வித்தியாசம். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, அதனால் 63. நாளுக்கு இரண்டு முறை சமைத்தால் 126. மாலையில் ஒரு பிடி நிலக்கடலையை 20 கிராம் என்றார், 34 இருந்தது. கிராமுக்கு ஏறக்குறைய 6 கலோரி என்று வைத்தால் 84. எண்ணெயும் கடலையும் சேர்ந்து 210 கலோரி. அன்றைய மொத்தப் பிழை 234, அதில் கிட்டத்தட்ட முழுவதும் இந்த இரண்டு பொருளிலிருந்து வந்தது.

அவர் அன்றே கணக்கை மூடிவிட்டு இதே கண்திட்டத்தில் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவருடன் வேலை செய்தவர்களும் 2011இல் லான்செட் இதழில் இதற்கு ஒரு தோராய விதியைக் கொடுத்திருக்கிறார்கள். தினசரி உணவில் நிரந்தரமாகக் கூடும் ஒவ்வொரு 24 கலோரிக்கும் உடல் எடை கடைசியில் ஒரு கிலோ மாறும். அந்த மாற்றத்தில் பாதி ஏறக்குறைய ஒரு வருடத்திலும், பெரும்பகுதி மூன்று வருடத்திலும் வந்துவிடும். 210ஐ 24ஆல் வகுத்தால் 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவர் குறைத்ததே 6 கிலோ. கணக்கை நிறுத்திய பிறகு எடை திரும்புவதற்கு மன உறுதிக் குறைவைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே யாரும் இனிப்புப் பெட்டியைத் திறக்கவில்லை. கரண்டியில் அளந்து ஊற்றியது, பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதாக மாறியது, அவ்வளவே.

இந்தச் சோதனையில் எப்போது தேறியதாகக் கொள்வது? நான் சொல்வது இது: ஒரு வாரம் முழுக்க, நாளின் மொத்த ஊகமும் நிறுத்துப் பார்த்த மொத்தமும் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அவருக்கு அது 180 கலோரி. இதோடு இன்னொன்றும் வேண்டும், அதுதான் முக்கியம். பிழைகள் இரண்டு பக்கமும் விழ வேண்டும். இன்று 120 கூடுதலாக ஊகித்து, நாளை 90 குறைவாக ஊகித்தால் வாரக் கடைசியில் சமன் ஆகிவிடும். ஏழு நாளும் 100 கலோரி குறைவாகவே ஊகித்தால், ஒவ்வொரு நாளும் 10 சதவீதத்துக்குள் இருந்தாலும் தேறவில்லை என்றுதான் அர்த்தம். அந்த 100 வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

பெரும்பாலும் முதல் வாரம் தேறாது. இரண்டாவது வாரத்தில் சோறு, பருப்பு, ரொட்டி, இறைச்சி போன்றவற்றில் கண் வேகமாகத் திருந்திவிடும். ஒரே கிண்ணத்தில், ஒரே தட்டில் போட்டுப் பழகினால் இன்னும் சீக்கிரம். எண்ணெய், வெண்ணெய், கொட்டை வகைகள், சீஸ் இவற்றில் கண் திருந்துவது மிகக் கடினம். சிறு அளவிலேயே அதிகக் கலோரி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூடக் கணக்கில் பெரிதாகிவிடும். இவற்றுக்குக் கண்ணைப் பழக்க முயல்வதே வீண் என்று நினைக்கிறேன். எண்ணெய்ப் பாட்டில் பக்கத்திலேயே ஒரு அளவுக்கரண்டியை நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். கடலையைப் பொட்டலத்திலிருந்து கையால் எடுக்காமல், 20 கிராம் சரியாகப் பிடிக்கும் ஒரு சிறு கிண்ணத்தை ஒருமுறை நிறுத்துத் தேர்ந்தெடுத்து, அதிலேயே எடுக்க வேண்டும். கணக்கை மூடிய பிறகும் இந்த இரண்டு அளவையும் விடக்கூடாது.

தேறியாயிற்று. அடுத்த வேலை, 1,830 என்ற எண்ணைத் தட்டில் இருக்கும் பொருளாக மாற்றுவது. பலர் இங்கே வழுக்குகிறார்கள். எடை குறைக்கும்போது சாப்பிட்ட 1,600க்கும், நிற்பதற்கான 1,830க்கும் இடையே 230 கலோரி இருக்கிறது. "இனி கொஞ்சம் கூடச் சாப்பிடலாம்" என்று பொதுவாக விட்டுவிட்டால் அந்தக் கொஞ்சம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பசி வேறு காத்துக்கொண்டிருக்கும். எடை குறைந்த உடலில் பசி கூடுகிறது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 100 கலோரி அளவுக்கு உணவைத் தேடும் உந்துதல் ஏறுகிறது என்று ஹாலின் குழு 2016இல் கணக்கிட்டது. அதனால் கூட்டுவதைப் பெயர் சொல்லிக் கூட்ட வேண்டும். நம் உதாரணத்தில் மதியம் வெந்த சோறு 100 கிராம் கூடுதல், அது 130 கலோரி. காலையில் நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று, அது 100 போல. 230 முடிந்தது. மற்ற எதுவும் மாறவில்லை. ஐந்து மாதமாகப் பழகிய தட்டு அப்படியே இருக்கிறது, இரண்டு பொருள் மட்டும் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் ஆப்பை ஒரே நாளில் அழித்துவிடாமல் படிப்படியாக விடலாம். முதலில் காலை உணவை எழுதுவதை நிறுத்தலாம், ஏனென்றால் பெரும்பாலானோருக்கு அது தினமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மதியத்தையும் விடலாம். மாலை நொறுக்கும் இரவும் கடைசி. அந்த நேரத்தில்தான் அசதி இருக்கும், வேளைக்கு வேளை உணவும் மாறும், அளவும் நழுவும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாற ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் நின்ற எண் 66 நாள். அதனால் இந்த இறங்கும் காலத்துக்கு இரண்டு மூன்று மாதம் கொடுப்பது அதிகமில்லை. ஒரு நாள் தவறினால் பழக்கம் கலைந்துவிடாது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஒரு விருந்தில் அளவு போய்விட்டது என்றால் மறுநாள் அதைக் "கழிக்க" வேண்டியதில்லை. மறுநாள் வழக்கமான தட்டுக்குத் திரும்பினால் சரி.

வெளியில் சாப்பிடுவதைக் கண்திட்டத்தில் பிடிக்க முடியாது. அதில் இருக்கும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. அங்கே அளவை விட்டுவிட்டு, வாரத்துக்கு எத்தனை முறை என்பதைப் பழக்கமாக்குவதே நடைமுறைக்கு வரும். கணக்கு எழுதிய மாதங்களில் வாரம் இரண்டு முறை வெளியில் சாப்பிட்டும் எடை குறைந்தது என்றால், அந்த இரண்டுதான் அவர் அளவு. அது நான்கானால், வீட்டுத் தட்டு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் கணக்கு மாறிவிடும்.

கலோரி எண்ணுவதை நிறுத்திய பிறகு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். இரண்டு விஷயம் போதும் என்பேன். ஒன்று, எண்ணெய் பாட்டில். ஒரு லிட்டர் எண்ணெய் 915 கிராம் போல இருக்கும். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் 15 நாள் வந்தால், நாளுக்கு 61 கிராம், ஆளுக்கு 20 கிராம். அதே பாட்டில் 11 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 28 கிராம் ஆகிவிட்டது. அந்த 8 கிராம் 72 கலோரி. ஹாலின் விதிப்படி அது கடைசியில் 3 கிலோ. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் பேனாவால் எழுதிவைத்தால் போதும். எந்த ஆப்பிலும் எதையும் பதியாமல், வீட்டின் மிகப் பெரிய நழுவலைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, உடல் எடை. காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் பார்க்கும் எடை. ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பே இல்லை. உப்பு கூடின இரவு உணவு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், மலச்சிக்கல் எல்லாம் ஒரு கிலோ, இரண்டு கிலோ வரை ஏற்றி இறக்கும். மேலே சொன்ன 72 கலோரி ஒரு மாதத்துக்கு 2,160 ஆகிறது, கொழுப்பில் அது 300 கிராம்கூட இல்லை. தினசரி ஏற்ற இறக்கத்துக்குள் அது மறைந்துவிடும். அதனால் ஏழு நாள் சராசரியைத்தான் பார்க்க வேண்டும், இந்த மாதச் சராசரியைப் போன மாதச் சராசரியோடு ஒப்பிட வேண்டும்.

அந்தச் சராசரிக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டுமே, அதை எப்போது எடுப்பது? சாப்பாட்டைக் கூட்டிய முதல் வாரத்தில் எடுக்கக்கூடாது. குறைவாகச் சாப்பிட்ட காலத்தில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து ஓரளவு வற்றியிருக்கும். உணவு கூடியதும் அது நிரம்பும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். குடலில் உணவும் சற்றுக் கூடுதலாக இருக்கும். இதனால் முதல் இரண்டு வாரத்தில் எடை அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரையோ, சிலருக்கு அதற்கு மேலோ ஏறுவது சாதாரணம். அது கொழுப்பு அல்ல. இதைத் தெரியாமல்தான் பலர் பதறிப்போய் மறுபடி 1,600க்கு ஓடுகிறார்கள். மூன்று நான்கு வாரம் கழித்து, சராசரி ஒரே இடத்தில் நிற்கும்போது அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் அது 68.8 என்று வைத்துக்கொள்வோம். இனி அவருடைய எடை 68 அல்ல, 68.8.

எவ்வளவு ஏறினால் கவனிக்க வேண்டும் என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ரீனா விங்கும் அவர் குழுவினரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் உடல் எடையில் குறைந்தது 10 சதவீதத்தைக் குறைத்திருந்த 314 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு எடையைத் தவறாமல் பார்க்கவும், அதை மூன்று நிறமாகப் பிரித்து நடந்துகொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். தொடக்க எடையிலிருந்து 1.4 கிலோவுக்குள் ஏறியிருந்தால் பச்சை, அதற்கு மேல் போனால் மஞ்சள், 2.3 கிலோ ஏறிவிட்டால் சிவப்பு. பச்சையில் எதுவும் செய்ய வேண்டாம். மஞ்சளில் எங்கே நழுவியது என்று தேட வேண்டும். சிவப்பில் எடை குறைத்த காலத்து முறைகளுக்கே திரும்ப வேண்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தபோது, செய்திமடல் மட்டும் பெற்ற குழுவில் 72 சதவீதம் பேர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியிருந்தார்கள். நேரில் சந்தித்துக் கற்றுக்கொண்ட குழுவில் அது 46 சதவீதம். கைவிட்டுப்போனவர்கள் அங்கும் நிறையப் பேர்தான். ஆனாலும் வித்தியாசம் கணிசமானது.

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். ஒரு வருடம் போகிறது. மாதச் சராசரி 68.9, 69.2, 69.6 என்று மெல்ல நகர்ந்து 70.3இல் நிற்கிறது. தொடக்கப் புள்ளியிலிருந்து 1.5 கிலோ, மஞ்சள். இப்போது மறுபடி ஆப்பைத் திறந்து எல்லாவற்றையும் எழுத வேண்டுமா? வேண்டாம். முதலில் பாட்டிலில் எழுதிய தேதிகளைப் பார்க்கிறார். 15 நாள் வந்த எண்ணெய் 11 நாளில் தீர்ந்திருக்கிறது. பிறகு மூன்று நாள் மட்டும் பழைய சோதனையைச் செய்கிறார்: ஊகம், அப்புறம் தராசு. சோறும் பருப்பும் ஊகத்தோடு ஒத்துப்போகின்றன. கடலைக் கிண்ணமும் சரி. எண்ணெயில் மட்டும் தவறுகிறது. அளவுக்கரண்டி எங்கோ தொலைந்து, சில மாதமாகப் பாட்டிலிலிருந்தே ஊற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது. கரண்டியை மாற்றிவைத்தால் வேலை முடிந்தது. எடை உடனே இறங்காது, ஏறின அதே நிதானத்தில்தான் இறங்கும். ஆறு ஏழு வாரத்தில் சராசரி ஏறுவது நின்றிருக்கிறதா என்று பார்ப்பதே போதுமானது.

சோதனையில் எதுவும் தவறவில்லை, வெளியில் சாப்பிடும் எண்ணிக்கையும் மாறவில்லை, ஆனாலும் சராசரி ஏறுகிறது என்றால் நடை குறைந்ததா, வேலை மாறியதா, தூக்கம் கெட்டதா என்று பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் தட்டில் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைவதும், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவையும் எடையை ஏற்றும். அவற்றைக் கலோரிக் கணக்கு கண்டுபிடிக்காது.

சிலருக்கு இந்தச் சோதனை, படிப்படியான இறக்கம் எதுவும் பொருந்தாது. எழுதாத உணவைச் சாப்பிடப் பயம், எண் தாண்டிவிட்டால் மறுநாள் பட்டினி, நிறுக்க முடியாது என்பதால் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, ரகசியமாக அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு அழுவது என்று ஆகியிருந்தால் தேறும்வரை காத்திருக்கக்கூடாது. அங்கே கணக்கு உணவைக் கற்றுக்கொடுக்கவில்லை, நோயை வளர்க்கிறது. உண்ணும் கோளாறு முன்பு இருந்தவர்களும் இதில் அடக்கம். உடனே நிறுத்திவிட்டு, உணவுக் கோளாறுகளைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். எடை எந்தப் பக்கம் போனாலும் அது அப்புறம் பார்க்க வேண்டிய விஷயம்.

இன்சுலின் போடுகிறவர்கள் ஒவ்வொரு வேளையும் மாவுச்சத்தை எண்ணுவது வேறு காரணத்துக்காக. ஊசியின் அளவு அந்த எண்ணை வைத்தே முடிவாகிறது. எடைக்காக எழுதிய கலோரிக் கணக்கை அவர்கள் மூடலாம், மாவுச்சத்துக் கணக்கைச் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்காமல் மூடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் மேலே போட்ட 1,830 போன்ற கணக்கே பொருந்தாது, ஏனென்றால் உடலின் செலவும் தேவையும் மாதத்துக்கு மாதம் மாறும். அவர்கள் எடையை நிறுத்திவைக்கப் பார்க்காமல், பரிசோதனைக்குப் போகும் இடத்தில் சொல்லும் அளவைப் பின்பற்றிவிட்டு, பால் நிறுத்திச் சில மாதம் கழித்துப் புதிதாகத் தொடக்கப் புள்ளியை எடுத்துக்கொள்ளலாம்.